காதுக்குப் பின்னால் ஒரு கட்டி: மடை அடைத்த காது

ஒன்பது வயதுப் பையன். கூட்டி வந்தது அவனுடைய அப்பத்தா. திண்டுக்கல் பக்கத்துக் கிராமம். வலது காதுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம், அதன் மேல் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்ட பற்று காய்ந்து வெடித்திருந்தது. பையன் தலையை இடப்பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தான். அப்பத்தா உட்காரவில்லை. "கட்டி நல்லா பழுத்துருச்சு தாயி, கீறி விட்டீகன்னா போதும், அடுத்த பஸ்சுக்குப் போயிருவோம்" என்றார்.

காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். காதுக்குப் பின்னால் கட்டி என்று வருகிறவர்கள் வாரத்துக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். பெரும்பாலானவர்களுக்குக் காதில் ஒரு குறையும் இருக்காது. இந்தப் பையன் அந்தப் பெரும்பான்மையில் சேராதவன். அதை எப்படிக் கண்டுபிடித்தோம், பிறகு என்ன செய்தோம் என்பதை முழுதாக எழுதிவைக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அன்று காலை வந்த வேறு இரண்டு பேர்

அவனுக்கு முன்னால் அதே காலையில் இரண்டு பேரைப் பார்த்திருந்தேன். அவர்களைச் சொன்னால்தான் வித்தியாசம் புரியும்.

முதலாவது, ஏழு வயதுச் சிறுமி. இரண்டு காதுக்குப் பின்னாலும் பட்டாணி அளவில் உருண்டைகள், பிடரியில் இன்னும் இரண்டு. விரல் வைத்தால் தோலுக்கடியில் வழுக்கி நகர்ந்தன. வலி இல்லை. காய்ச்சல் இல்லை. கூந்தலைப் பிரித்துப் பார்த்தால் காதோரம் முழுக்க ஈர், சொறிந்து சொறிந்து புண்ணான தலை. நம் ஊரில் இதைத்தான் 'நெறி கட்டியிருக்கு' என்கிறோம். காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிற மாதிரி, தலைத்தோலில் புண் இருந்தால் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் உள்ள நிணநீர் முடிச்சுகள் வீங்கும். காதுக்குள் பார்த்தேன். இரண்டு செவிப்பறையும் முத்துச்சிப்பி உள்பக்கம் போலப் பளபளத்தன. பேனுக்குப் பெர்மெத்ரின் லோஷன், ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடி ஒரு தடவை, புண்ணுக்குக் களிம்பு. முடிச்சுக்கென்று தனியாக மருந்து எதுவும் கிடையாது. தலை ஆறினால் அதுவும் சில வாரங்களில் சுருங்கும். ஒன்றரை மாதம் ஆகியும் சுருங்காமல் இருந்தால், பெரிதாகிக்கொண்டே போனால், கல் மாதிரி இறுகி நகராமல் இருந்தால், அல்லது சாயங்காலக் காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்துகொண்டால், ஊசி போட்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். காசநோய் நம்மிடையே இருக்கிறவரை அந்தச் சந்தேகத்தை விடக்கூடாது.

இரண்டாவது, முப்பத்தைந்து வயதுக்காரர். காதுமடலுக்குப் பின்னால் மூன்று வருடமாக ஒரு சின்ன உருண்டை, அதை அடிக்கடி பிதுக்குவாராம். போன வாரம் பிதுக்கியதில் சிவந்து வீங்கிவிட்டது. உற்றுப் பார்த்தால் நடுவில் குண்டூசி முனை அளவில் ஒரு கருப்புப் புள்ளி. தோலோடு ஒட்டியிருந்தது, ஆனால் அடியில் இருக்கும் எலும்பின் மேல் வழுக்கியது. இது தோலில் உண்டாகும் பை. கொழுப்புக் கட்டி என்று பலரும் சொல்வார்கள், உண்மையில் உள்ளே இருப்பது கொழுப்பு இல்லை, தோல் உதிர்த்த செதில்கள் குழைந்த கூழ். சீழ் வைத்தால் கீறி விடுவோம். ஆனால் பையைச் சுற்றி இருக்கும் உறையை அப்போது முழுதாக எடுக்க முடியாது. சிவப்பு அடங்கி ஒன்றரை மாதம் போல ஆன பிறகு உறையோடு எடுத்தால்தான் திரும்ப வராது. அவர் காதும் சுத்தமாக இருந்தது.

இருவரையும் ஐந்து ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் அப்பத்தா வந்தார்.

பற்றைத் துடைத்ததும் தெரிந்தவை

ஈரத்துணி வைத்துப் பற்றை ஊறவிட்டு மெதுவாகத் துடைத்தோம். அடியில் தோல் சிவந்து, இழுத்துக் கட்டின மாதிரி மினுமினுத்தது. வீக்கம் நாலு சென்டிமீட்டருக்கு மூன்று. நடுவில் கருப்புப் புள்ளி எதுவும் இல்லை. எலும்பின் மேல் வழுக்கவும் இல்லை, அதன் மேல் படிந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு விரலை வைத்து ஒரு விரலால் அழுத்தினால் மற்ற விரலுக்கடியில் அசைவு தெரிந்தது. உள்ளே சீழ் இருக்கிறது. வீக்கத்தின் கீழோரத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் பழைய தழும்பு.

நான் பையனுக்குப் பின்னால் போய் நின்றேன். இந்த ஒன்றை வீட்டிலேயே யாரும் பார்க்கலாம். பின்னால் நின்று இரண்டு காதையும் ஒரே பார்வையில் பார்த்தால், இடது காது தலையோடு ஒட்டியிருந்தது, வலது காதுமடல் முன்னாலும் கீழாகவும் தள்ளிக்கொண்டு நின்றது. தோலில் இருக்கும் பையோ நெறியோ காதுமடலை இப்படித் தள்ளுவது அரிது. எலும்புக்கும் அதை மூடியிருக்கும் சவ்வுக்கும் நடுவே சீழ் சேரும்போதுதான் மடல் இப்படி நகரும்.

"இந்தத் தழும்பு ஏதுங்கம்மா?"

"மூணு மாசத்துக்கு முன்னாடி இதே எடத்துல வந்துச்சு தாயி. டவுன்ல கீறி விட்டாக. பத்து நாள்ல ஆறிப்போச்சு."

"காது வடியுமா இவனுக்கு?"

அப்பத்தா கொஞ்சம் யோசித்தார். "வடியும், சின்ன வயசுலருந்தே வடியும். எண்ணெய் விடுவோம், மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி ஊத்துவோம். இப்ப வடியல. ரெண்டு வாரமா நின்னு போச்சு."

நான் தேடிக்கொண்டிருந்த பதில் இதுதான். காது வடிவது நின்றது, நாலு நாள் கழித்துக் காதுக்குப் பின்னால் வலி, அப்புறம் வீக்கம். வடிவது நின்றதை வீட்டில் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். வடியும் காது மருந்தால் ஆறி நிற்பது வேறு, வழி அடைபட்டு நிற்பது வேறு. ஆறி நின்றால் வலி இருக்காது, நாற்றம் போயிருக்கும். இவனுக்கு வலி கூடியது, காய்ச்சல் வந்தது, அருகில் குனிந்தாலே நாற்றம் தெரிந்தது. வடிந்தபோது எப்படி இருந்தது என்று கேட்டேன். கொஞ்சமாகத்தான் வடியும், ஆனால் செத்த எலி நாற்றம் என்றார், சில சமயம் ரத்தம் கலந்திருக்கும் என்றார். சளி பிடித்தபோது நிறைய, வழவழவென்று, நாற்றமில்லாமல் வடிவது பெரும்பாலும் செவிப்பறையின் நடுவில் ஓட்டை விழுந்த காது. கொஞ்சமாக, நாற்றத்தோடு வடிவதுதான் எலும்பை அரிக்கும் காது.

காதுக்குள்

ஓட்டோஸ்கோப்பை வைத்தேன். காதுக்குழாயின் பின்பக்க மேல் சுவர் தொய்ந்து கீழே தொங்கியது. அதற்கப்பால் சிவப்பாக, ஈரமாக ஒரு சதை வளர்ந்து குழாயை அடைத்திருந்தது. அந்தச் சதையைப் பார்த்ததும் பிடித்து இழுக்கத் தோன்றும். இழுக்கக் கூடாது. அதன் வேர் முகநரம்பின் மேலோ, கேட்கும் எலும்பு மூன்றில் கடைசியான அங்கவடி எலும்பின் மேலோ இருக்கலாம். நுண்ணோக்கிக்கடியில் படுக்க வைத்து ஓரத்தில் மெல்ல உறிஞ்சினோம். சதையின் இடுக்கிலிருந்து வெள்ளையாக, ஊறின காகிதத் துண்டு மாதிரிச் செதில்கள் வந்தன.

அந்த வெள்ளைச் செதில்தான் நோய். பெயர் கொலஸ்டியாட்டோமா. 1838-இல் யோகான்னஸ் முல்லர் வைத்த பெயர், பொருந்தாத பெயரும்கூட. இதில் கொலஸ்ட்ராலுக்கு வேலை இல்லை, இது புற்றும் இல்லை. இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும் தோல், அவ்வளவுதான். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழல் சரியாகத் திறக்காத குழந்தைகளுக்கு, நடுக்காதில் காற்று குறைந்து செவிப்பறையின் மேல்பகுதி உள்ளே இழுபட்டு ஒரு பை மாதிரி ஆகிறது. தோல் எங்கிருந்தாலும் செதில் உதிர்க்கும். வெளியே உதிர்ந்தால் கொட்டிப்போகும், பைக்குள் உதிர்ந்தால் சேரும். சேர்ந்தது ஊறி, கிருமி பிடித்து, பை பெரிதாகப் பெரிதாகச் சுற்றியுள்ள எலும்பைக் கரைக்கிறது. முகநரம்பு, சமநிலை பார்க்கும் உறுப்பு, மூளையின் உறை எல்லாம் அங்கிருந்து சில மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பவை.

காதுக்குப் பின்னால் தொட்டால் தட்டுப்படும் மேடான எலும்பு, மாஸ்டாய்டு, வெளியே கல் மாதிரி இருந்தாலும் உள்ளே தேன்கூடு. அந்தக் கூட்டின் அறைகளெல்லாம் ஒரு சின்ன வாசல் வழியாக நடுக்காதோடு சேர்ந்தவை. அப்பத்தாவுக்கு இதை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "மடை அடைச்சுக்கிட்டா கண்மாய் கரையில உடைப்பு எடுக்கும்ல, அதானே?" என்றார். அதேதான். சதை காதுக்குழாயை அடைத்தது. சீழ் பின்பக்கம் தேங்கி, எலும்பின் மெலிந்த இடத்தைத் துளைத்து வெளியே வந்து நின்றது. மூன்று மாதத்துக்கு முன்னால் கீறியவர் உடைப்பில் வந்த தண்ணீரை இறைத்துவிட்டார். அது தவறான வேலை இல்லை, அந்த நேரத்துக்கு அவனுக்கு நல்லதே செய்தது. காதுக்குள் ஒரு தடவை விளக்கடித்துப் பார்த்திருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும் என்பதுதான் என் ஆதங்கம்.

அடுத்தது, சீழ் வேறு எங்கேயாவது உடைத்துக்கொண்டு போயிருக்கிறதா என்ற கேள்வி. கண்ணை இறுக்கி மூடச் சொன்னேன், பல்லைக் காட்டச் சொன்னேன். முகம் இரு பக்கமும் ஒன்றுபோல அசைந்தது. காதின் முன்பக்கக் குமிழை அழுத்தினேன், தலை சுற்றவில்லை. கழுத்தைக் குனிந்து தாடை நெஞ்சில் படவைத்தான். வாந்தி இல்லை. குளிர்நடுக்கத்தோடு ஏறி இறங்கும் காய்ச்சல் இல்லை, அது இருந்தால் பக்கத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் கட்டி உறைந்திருக்குமோ என்று பயப்பட வேண்டும். உடல் சூடு 101. இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்தால் நோயான வலது காதில்தான் சத்தம் கேட்கிறது என்றான். காதோரம் பிடித்ததைவிட எலும்பில் வைத்தால் அதிகம் கேட்டது. அதாவது உள்காது நன்றாக இருக்கிறது, சத்தம் போகும் வழிதான் கெட்டிருக்கிறது.

"அடுத்த பஸ் இன்னைக்குக் கிடையாதுங்கம்மா" என்றேன். அப்பத்தா அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

வார்டில்

அன்றே சேர்த்தோம். ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக், வலி மருந்து. சீழைச் சாயங்காலமே வெளியே எடுத்தோம். கீறிய இடம் முக்கியம். பின்னால் பெரிய அறுவைக்கு எந்தக் கோட்டில் திறக்கப்போகிறோமோ அதே கோட்டில் கீறினோம். வந்த சீழை இரண்டு குப்பியில் பிடித்து, ஒன்றை என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கவும், இன்னொன்றைக் காசநோய்க்கான மரபணுச் சோதனைக்கும் அனுப்பினோம். காது வடிந்து, கட்டி திரும்பத் திரும்ப வந்து, மருந்துக்கு அடங்காத குழந்தைக்குக் காசநோய்ச் சோதனையை விட்டுவிடக் கூடாது. இவனுக்கு அது இல்லை என்று வந்தது. வளர்ந்தது புரோட்டியஸ் கிருமி, இந்த வகைக் காதுகளில் நாங்கள் வழக்கமாகப் பார்ப்பது.

மறுநாள் சிடி ஸ்கேன், ரத்தக்குழாய்க்கு மருந்து செலுத்தி. மாஸ்டாய்டு அறைகள் இருக்க வேண்டிய இடத்தில் காற்றின் கருப்பே இல்லை, எல்லாம் சாம்பல் நிறம். செவிப்பறைக்கு மேலே கூர்மையாக இருக்க வேண்டிய எலும்பு முனை மழுங்கியிருந்தது. மாஸ்டாய்டின் வெளிப்பக்கச் சுவரில் பட்டாணி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, சீழ் வந்த வழி. மூளையில் சீழ் இல்லை, பெரிய ரத்தக்குழாயில் மருந்து தடையின்றி ஓடியிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் நான் நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, வீக்கம் வடிந்தது. அப்பா கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார், அங்கே மில் வேலை. "கட்டி அமுங்கிருச்சே மேடம், மாத்திரையோட போயிடலாமா?" என்று கேட்டார். இந்தக் கேள்வி நியாயமானது. குழந்தைக்குத் திடீரென்று காதுவலி வந்து, அது மாஸ்டாய்டில் இறங்கி வீங்கினால், ஊசி மருந்தும், செவிப்பறையில் சின்னத் துளை போட்டுச் சீழ் இறக்குவதும் போதுமானதாக இருக்கக் கூடும். மருந்து கொடுத்து இரண்டு நாளில் குறையாவிட்டால்தான் எலும்பைத் திறப்போம். ஆனால் இவன் நிலை அதுவல்ல. உள்ளே இருக்கும் தோல் பையை எந்த மாத்திரையும் கரைக்காது. கிருமி அடங்கும், பை இருக்கும், மறுபடி உடைக்கும். அடுத்த தடவை தோல் பக்கமாகவே உடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இதை அவரிடம் சொன்னேன், ஸ்கேனையும் காட்டினேன். பேச்சை முடிக்குமுன்னே கையெழுத்துப் போட்டார்.

ஆறாம் நாள் அறுவை, மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. எலும்பைத் தோண்டிக் கூட்டுக்குள் போனதும் பை தெரிந்தது. முத்து நிறம், உள்ளே அடுக்கடுக்காகச் செதில். நடுக்காதின் மேல் அறை முழுக்கவும், மாஸ்டாய்டின் பெரும்பகுதியிலும் பரவியிருந்தது. மூன்று எலும்பில் நடுவில் இருக்கும் பட்டடை எலும்பின் கால் கரைந்து போயிருந்தது. முகநரம்பை மூடியிருக்க வேண்டிய எலும்பு ஓடு ஓரிடத்தில் இல்லை, நரம்பு வெள்ளை நூலாகத் திறந்து கிடந்தது. வெளியே சதையைப் பிடித்து இழுக்காமல் விட்டதன் காரணம் அங்கே கண்முன்னால் இருந்தது. அங்கவடி எலும்பு தப்பியிருந்தது. காதுக்குழாயின் பின்சுவரை எடுத்து, மாஸ்டாய்டும் குழாயும் ஒரே குழியாகும்படி செய்து, காதின் வாயை அகலப்படுத்தினோம். சுவரை வைத்துக்கொண்டும் இந்த அறுவையைச் செய்யலாம். காது இயல்பாக இருக்கும், குளிக்கக் கொள்ள வசதி, ஆனால் உள்ளே ஒட்டிக்கொண்ட துணுக்கு வளர்ந்தால் வெளியிலிருந்து தெரியாது, ஒரு வருடம் போல ஆனதும் மறுபடி திறந்தோ எம்ஆர்ஐ எடுத்தோ பார்க்க வேண்டும். இரண்டு பஸ் மாறி வர வேண்டிய குடும்பம், இவ்வளவு பரவிய நோய். திறந்த குழியாக விட்டால் நுண்ணோக்கியில் எப்போதும் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். இதில் வேறு கருத்து உள்ள மருத்துவர்கள் இருப்பார்கள்.

மயக்கம் தெளிந்ததும் முதல் வேலையாகப் பல்லைக் காட்டச் சொன்னோம். தூக்கக் கலக்கத்தில் எரிச்சலோடு காட்டினான், வாய் நேராக விரிந்தது.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது காதுக்குப் பின்னால் ஏதாவது தட்டுப்பட்டால், முதலில் தலைத்தோலையும், காதுமடலையும், காது குத்திய இடத்தையும், கண்ணாடிக் கால் உரசும் மடிப்பையும் பாருங்கள். புண்ணோ பேனோ அங்கே இருந்து, உருண்டை சின்னதாக நகர்ந்தால் அவசரப்பட வேண்டியதில்லை. காதுக்குழாய்க்குள் கொப்புளம் வந்தாலும் பின்னால் வீங்கும், அப்போது காதுமடலைப் பிடித்து அசைத்தாலே உயிர் போகும், ஆனால் கேட்பது பெரிதாகக் குறையாது. பொன்னுக்கு வீங்கி வருவது காதுக்கு முன்னாலும் கீழேயும், காதின் சோணையைத் தூக்கிக்கொண்டு. பின் எலும்பின் மேல் அல்ல.

காதுமடல் முன்னால் தள்ளியிருந்தால், எலும்பைத் தொட்டால் வலித்தால், சமீபத்தில் காதுவலியோ சீழோ இருந்திருந்தால், அந்தப் பக்கம் காது மந்தமாக இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை சளி, காய்ச்சலோடு அழுது, காதுக்குப் பின்னால் சிவந்தால் இரவானாலும் கிளம்புங்கள். பாதியில் நிறுத்திய ஆன்டிபயாடிக் காய்ச்சலையும் வலியையும் மறைத்துவிடும், உள்ளே எலும்பு அரிப்பது நிற்காது. முகம் ஒரு பக்கம் கோணினால், தலைசுற்றினால், தலைவலியோடு வாந்தி வந்தால், பேச்சு குழறினால், தூங்கிக்கொண்டே இருந்தால் காது மருத்துவர் மட்டும் போதாது, ஸ்கேன் வசதியும் மூளை அறுவை மருத்துவரும் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கட்டியின் மேல் பற்றுப் போடுவதால் இவனுக்குப் பெரிய கெடுதல் வரவில்லை. ஆனால் ஓட்டை விழுந்த காதுக்குள் எண்ணெய் விடுவது வேண்டாம், அது உள்ளேயே தங்கி ஊறும்.

பிறகு

அறுவை முடிந்த ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனான். மூன்று வாரம் கழித்துக் காதுக்குள் வைத்த திரியை எடுத்தோம். குழி முழுதாகத் தோல் மூடி உலர மூன்று மாதம் ஆனது, நடுவில் ஒரு தடவை கிணற்றில் குதித்துவிட்டு வந்து மறுபடி வடிந்தது. குளிக்கும்போது வாசலின் தடவின பஞ்சை வைக்கவும், கிணற்றுப் பக்கம் போகாமல் இருக்கவும் அதன் பிறகுதான் ஒத்துக்கொண்டான். கேட்கும் திறன் அறுவைக்கு முன் வலது காதில் 45 டெசிபல், இப்போது 40. பெரிய முன்னேற்றம் இல்லை. நோயை எடுப்பதுதான் இந்த அறுவையின் முதல் நோக்கம், கேட்பது அதற்கு அடுத்தது என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தோம். இடது காது நன்றாக இருப்பதால் வகுப்பில் வலப்பக்க ஓரத்தில், முதல் வரிசையில் உட்காரவைக்கச் சொல்லி வாத்தியாருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். ஒரு வருடம் குழி சுத்தமாக இருந்தால், கேட்கும் எலும்பைச் சீர்செய்யும் அறுவையை யோசிக்கலாம்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அப்பத்தாதான் கூட்டி வருகிறார். போன தடவை உள்ளே நுழைந்ததும், பையன் காதிலிருந்து எடுத்த பஞ்சை மூக்கருகில் பிடித்து முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். "நாத்தம் இல்ல தாயி, நீங்களும் பாருங்க." பார்த்தேன், பஞ்சு காய்ந்திருந்தது.